குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் சாளை மீனின் கொழுப்பைப் பிரித்தெடுத்தல்: முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

குளச்சல் கரையில் வாங்கிய சாளை மீனின் தசையில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டறிவதே என் முதுகலை ஆய்வின் முதல் வேலையாக இருந்தது. பிற மாவட்டங்களில் மத்தி என்று சொல்லப்படும் அதே மீன்தான். கலவையைச் சேர்த்து, அரைத்து, வடிகட்டி, உப்பு நீர் விட்டதும் குழாயில் இரண்டு அடுக்குகள் தெளிவாகப் பிரிந்தன. மீன் குழம்பில் எண்ணெய் மேலே மிதப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் கொழுப்பு மேல் அடுக்கில்தான் இருக்கும் என்று எண்ணி, அதைக் கவனமாக உறிஞ்சி எடுத்துக் கீழ் அடுக்கைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டேன். உலர்த்த எடுத்த திரவம் மாலை வரை வற்றவில்லை. மறுநாள் காலையில் அதை உலர்த்திய புட்டியின் அடியில் இருந்தது எண்ணெய்ப் பசை இல்லாத வெள்ளை உப்புப் படிவு. ஆறு மாதிரிகள் அன்று வீணாயின. இந்தத் தவறும் இதன் பிறகு நேர்ந்த சில தவறுகளும் உங்களுக்கு நேராமல் இருக்கவே, ஒரே ஒரு முறையை, 1957-இல் ஃபோல்ச்சும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறையை, படிப்படியாக எழுதுகிறேன்.

1. முதலில் எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் ஆய்வகத்தில் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று ஃபோல்ச் முறை. மற்றொன்று 1959-இல் வந்த பிளை–டயர் முறை. ஃபோல்ச் முறையில் 1 கிராம் தசைக்கு 20 மி.லி. கலவை செலவாகும். பிளை–டயர் முறை 1 கிராமுக்கு 3 மி.லி. கலவையோடு தொடங்குவதால் செலவு குறைவு என்று பலரும் அதையே பரிந்துரைப்பார்கள். அந்த முறை கொழுப்பு மிகக் குறைந்த வெள்ளைத் தசை மீன்களை வைத்து வடிவமைக்கப்பட்டது. தசையில் கொழுப்பு ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் தாண்டினால், அவ்வளவு குறைந்த கரைப்பானால் முழுவதையும் வெளியே கொண்டுவர முடிவதில்லை. கொழுப்பு கூடக் கூட, விடை உண்மை அளவைவிடக் குறைந்துகொண்டே போகும். சாளை எண்ணெய்ப் பசை மிகுந்த மீன் என்பதால் அதற்கு ஃபோல்ச் முறையையே கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கும் கரைப்பான், பிறகு ஐயத்துக்கு இடமான எண்ணாகத் திரும்பி வரும்.

2. வாங்க வேண்டியவையும் காகித வேலையும்

மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கரைப்பானுக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்குவதும் வைத்திருப்பதும் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உங்கள் கல்லூரியிலோ ஆய்வு நிறுவனத்திலோ அந்த உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இருப்புப் பதிவேட்டை யார் எழுதுகிறார் என்று முதலில் கேளுங்கள். துறைத் தலைவர் கையொப்பமிட்ட தேவைப் பட்டியல், விநியோகஸ்தரின் விலைப்புள்ளி, இரண்டு கரைப்பான்களுக்குமான பாதுகாப்புத் தகவல் தாள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கி நீங்களே புட்டியை வாங்கிப் பேருந்தில் கொண்டுவர நினைக்காதீர்கள். அது சட்டப்படியும் தவறு, ஆபத்தும் கூட.

அளவைக் கணக்கிட்டு ஒரே தடவையில் கேளுங்கள். அலசுவதற்கும் சேர்த்து ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 16 மி.லி. குளோரோஃபார்மும் 8 மி.லி. மெத்தனாலும் ஆகும். தசை இல்லாமல் செய்யும் வெற்றுச் சோதனைகளையும் சேர்த்து 30 குழாய்கள் என்றால் 480 மி.லி. குளோரோஃபார்ம், 240 மி.லி. மெத்தனால். சிந்துவதற்கும் திரும்பச் செய்வதற்கும் இடம் விட்டு, குளோரோஃபார்ம் 1 லிட்டரும் மெத்தனால் 500 மி.லி.யும் கேட்டால் பற்றாக்குறை வராது. உண்மையில் செலவைக் கூட்டுவது கரைப்பான் அல்ல. டெஃப்லான் உள்மூடி கொண்ட கண்ணாடிக் குழாய்கள்தான். அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண ரப்பர் மூடியைப் போட்டால், குளோரோஃபார்ம் ரப்பரில் உள்ள பொருள்களைக் கரைத்து உங்கள் கொழுப்பின் எடையோடு சேர்த்துவிடும். ஒளி ஊடுருவும் பாலிஸ்டைரீன் குழாய் குளோரோஃபார்மில் கரைந்தே போகும்.

அலமாரியில் பல ஆண்டுகளாகத் திறந்து கிடக்கும் குளோரோஃபார்ம் புட்டியைத் தொடாதீர்கள். காற்றும் ஒளியும் பட்டு அதில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகியிருக்கலாம்.

3. மீனை வாங்கி மாதிரி ஆக்குதல்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக் காலங்கள் உண்டு என்பதை ஆய்வுத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சின்னமுட்டம் போன்ற கிழக்குக் கடற்கரைப் பகுதியின் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற மேற்குக் கடற்கரைப் பகுதியின் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை இருக்கும். சாளையின் கொழுப்பு பருவத்தைப் பொறுத்து மிகவும் மாறும் என்பதால், "கிடைத்தபோது வாங்கினேன்" என்னும் குறிப்பால் பயனில்லை. நாள், கரை, மீனின் நீளம், எடை ஆகியவற்றை அன்றே எழுதுங்கள்.

கரையில் மீன் விற்ற அம்மா ஒருவர், "மக்களே, இது விடியக்காலம் கரைக்கு வந்ததாக்கும், ஐஸ் வச்சது வேண்டாம்" என்று தனியாக எடுத்துத் தந்தார். அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. மீன் இறந்த பிறகும் தசையில் உள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். காற்றுப் பட்டுக் கொழுப்பு காறிப்போவதும் உடனே தொடங்கிவிடும். புதிய மீனை வாங்கி, நீங்களே ஐஸில் புதைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்றே பிரித்தெடுக்க முடியாவிட்டால் −80 பாகையில் வையுங்கள்.

தோலையும் முள்ளையும் நீக்குவதா, வைப்பதா என்பதை முதல் மீனிலேயே முடிவு செய்து, கடைசி மீன் வரை அதையே பின்பற்றுங்கள். தோலுக்கு அடியில் கொழுப்பு மிகுதி. ஒரு மீனில் தோலோடும் அடுத்ததில் தோல் இல்லாமலும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. குழாயில் பெயர் எழுதும்போது மார்க்கர் பேனாவை நம்பாதீர்கள். ஒரு துளி குளோரோஃபார்ம் வழிந்தால் எழுத்து முழுவதும் கரைந்து ஓடிவிடும். காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி, அதன்மேல் ஒளி ஊடுருவும் நாடாவை ஒட்டுங்கள்.

4. அரைத்தல்: இப்போது ஒரே அடுக்குதான் இருக்க வேண்டும்

ஏறத்தாழ 1 கிராம் தசையைத் துல்லியமாக எடை போட்டு, குளோரோஃபார்ம் இரண்டு பங்கும் மெத்தனால் ஒரு பங்கும் சேர்ந்த கலவையில் 16 மி.லி. விட்டு, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வைத்து இரண்டு நிமிடம் அரையுங்கள். குழாயை ஐஸில் நிறுத்திக்கொண்டால் சூடேறாது. கொழுப்பு காறாமல் இருக்க, கலவையிலேயே 0.01 விழுக்காடு பி.எச்.டி. என்னும் எதிர் ஆக்சிகரணியைக் கரைத்துவைப்பது வழக்கம். அதன் எடையும் கொழுப்போடு சேரும் என்பதால் வெற்றுச் சோதனையிலும் அதே கலவையையே பயன்படுத்த வேண்டும்.

இந்த இடத்தில் மெத்தனால் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பிற்பாடு வரும் அடுக்குகள் தாமே புரியும். எண்ணெய்க் கொழுப்பைக் கரைப்பதில் குளோரோஃபார்ம் வல்லது. ஆனால் அது தண்ணீரோடு கலக்காது. தசையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர் இருப்பதால், குளோரோஃபார்மை மட்டும் ஊற்றினால் அது ஈரத் துணுக்குகளைச் சுற்றி நிற்குமே தவிர உள்ளே புகாது. மெத்தனால் இரண்டு பக்கமும் ஒட்டுவது: தண்ணீரோடும் கலக்கும், குளோரோஃபார்மோடும் கலக்கும். அது தசையின் தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு குளோரோஃபார்முக்கு வழி திறக்கிறது. செல் சவ்வில் புரதத்தோடு பிணைந்து கிடக்கும் பாஸ்போலிப்பிடுகளை விடுவிப்பதும் மெத்தனாலின் வேலையே. ஆகவே இந்தக் கட்டத்தில் தசைத் துணுக்குகளைச் சுற்றித் தெளிவான ஒரே திரவம் இருக்க வேண்டும். இப்போதே இரண்டு அடுக்குகள் தெரிந்தால், தசையை அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது மீனைக் கழுவிய தண்ணீர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சிறிது கலவையைக் கூடுதலாகச் சேர்த்து ஒரே அடுக்காக்கிய பிறகே தொடருங்கள். சேர்த்த அளவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கருவாடு அல்லது உறைஉலர்த்திய தூளை எடுத்தால் நிலைமை தலைகீழாகும். அதில் தண்ணீர் போதாததால் அடுத்த படியின் விகிதம் மாறும். 0.3 கிராம் தூளுக்கு 0.7 மி.லி. தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, அதை 1 கிராம் ஈரத் தசையாகக் கொண்டு தொடருங்கள்.

அரைத்ததை இருபது நிமிடம் மூடிவைத்து அவ்வப்போது அசைத்துவிட்டு, கண்ணாடிப் புனலில் வடிதாள் வைத்து வடிகட்டுங்கள். வெற்றிடப் பம்பு வேண்டாம். குளோரோஃபார்ம் வேகமாக ஆவியாகி விகிதத்தைக் கெடுத்துவிடும். தாளில் தங்கிய சக்கையைப் புதிய கலவையால் அலசி, வடிந்ததோடு சேர்த்து, மொத்தத்தைச் சரியாக 20 மி.லி. ஆக்குங்கள்.

5. உப்பு நீர் சேர்த்தலும் அடுக்குகள் பிரிதலும்

இந்த 20 மி.லி.யோடு அதன் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 மி.லி., 0.88 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சேருங்கள். மூடியை இறுக்கி, குழாயைத் தலைகீழாகவும் நேராகவும் மெதுவாக இருபது முப்பது தடவை புரட்டுங்கள். இடையிடையே மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். திரவம் உடனே பால்போல் வெளுக்கும். மெத்தனாலுக்குத் தண்ணீர் மீதுள்ள ஈர்ப்பு அதிகம் என்பதால், கூடுதல் தண்ணீர் வந்ததும் அது குளோரோஃபார்மை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துவைத்திருந்த கை விலகியதால் குளோரோஃபார்ம் தனியே இறங்குகிறது. குளோரோஃபார்மின் அடர்த்தி 1.49, தண்ணீரின் அடர்த்தி 1, மெத்தனாலின் அடர்த்தி 0.79. கொழுப்பு தானாக எடுத்தால் தண்ணீரைவிட இலேசானதுதான்; ஆனால் இங்கே அது தனித்து நிற்கவில்லை, கனமான குளோரோஃபார்மில் கரைந்திருக்கிறது. ஆகவே அதனோடு சேர்ந்து அடியில் கிடக்கும். நான் முதல் நாளில் புரிந்துகொள்ளாதது இதைத்தான்.

இப்போது தசையில் இருந்து வந்த தண்ணீரையும் சேர்த்து, குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் மூன்றும் ஏறத்தாழ 8:4:3 என்னும் விகிதத்தில் இருக்கும். அடுக்குகள் பிரிந்து நிலைபெற்றதும் மேலடுக்கில் அவை 3:48:47 என்னும் விகிதத்திலும் கீழடுக்கில் 86:14:1 என்னும் விகிதத்திலும் அமையும். மேலடுக்கு மொத்தக் கன அளவில் 40 விழுக்காடும் கீழடுக்கு 60 விழுக்காடும் ஆகும். இந்த 40–60 கணக்கே உங்களுக்குக் கிடைக்கும் முதல் பரிசோதனை. 24 மி.லி.யில் கீழடுக்கு 14.4 மி.லி.க்கு அருகில் இல்லாமல் 12 அல்லது 17 என்று நின்றால், எங்கோ அளவு தவறிவிட்டது. கீழடுக்கு மிகக் குறைந்திருந்தால் குளோரோஃபார்ம் ஆவியாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூடி சரியாக இறுகாத குழாயில் அது எளிதில் நடக்கும்.

எது எந்த அடுக்கு என்று ஐயம் வந்தால், கண்ணாடித் துளிக்குழாயால் ஒரு துளி தண்ணீரை மெதுவாக மேலே விடுங்கள். மேலடுக்கு மெத்தனால்–தண்ணீர் என்றால் துளி அதில் கலந்து மறையும். குளோரோஃபார்ம் என்றால் கலக்காமல் உருண்டையாக மிதக்கும். ஐந்து விநாடியில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

வெறும் தண்ணீர் போதாதா, உப்பு எதற்கு என்று கேட்கலாம். சவ்வுக் கொழுப்புகளில் பாஸ்படிடைல் செரின் போன்ற சில அமில இயல்பு கொண்டவை. உப்பில்லாத தண்ணீரில் அவற்றில் ஒரு பகுதி மேலடுக்குக்குப் போய்விடும். உப்பு அயனிகள் அவற்றின் மின்னூட்டத்தைச் சமன்செய்து கீழேயே நிறுத்துகின்றன. அடுக்குகள் விரைவாகத் தெளிவதும் உப்பினால்தான். கேங்கிளியோசைடுகள் என்னும் கொழுப்புகள் மட்டும் எப்படியும் மேலடுக்குக்கே போகும். அவைதான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் மேலடுக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. நடுவில் வெள்ளைப் படலம் நின்றால்

என் இரண்டாம் தவறு இங்கே நடந்தது. நன்றாகக் கலக்க வேண்டும் என்று குழாயை இளநீர்க் காய் குலுக்குவதுபோல் வேகமாகக் குலுக்கினேன். இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே விரல் தடிமனில் வெள்ளை நுரை நின்றது. மறுநாள் காலையிலும் கலையவில்லை. புரதத் துணுக்குகள் குளோரோஃபார்மின் நுண்துளிகளைச் சுற்றிப் போர்வைபோல் ஒட்டிக்கொள்வதால் துளிகள் ஒன்றுசேர முடியாமல் நிற்கும் நிலை அது. அந்த நுரைக்குள் உங்கள் கொழுப்பும் சிக்கியிருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் விடை குறையும்.

இதற்குச் சென்ட்ரிஃபியூஜ்தான் தீர்வு. புவியீர்ப்பைப் போல் 1000 மடங்கு விசையில் பத்து நிமிடம் போதும். சுழற்சி எண்ணும் விசையும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள்: சுழலியின் ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் இந்த விசை கிடைக்கும்; ஆரம் வேறாக இருந்தால் சுழற்சி எண்ணும் மாறும். உங்கள் கண்ணாடிக் குழாய் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதைக் குழாயின் தகவல் தாளில் பார்த்த பிறகே இயந்திரத்தில் வையுங்கள். மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று நடுவில் தங்குவது இயல்பே, அது புரதம். அதைத் துளைத்துக்கொண்டு துளிக்குழாயை இறக்கும்போது, விரலால் ரப்பர்க் குமிழை மெதுவாக அழுத்திக் காற்றுக் குமிழிகளை விட்டபடியே இறக்குங்கள். அப்போது மேலடுக்குத் திரவம் குழாயின் முனைக்குள் புகாது.

மேலடுக்கை முதலில் உறிஞ்சி நீக்கிவிட்டு, மெத்தனாலும் தண்ணீரும் சம அளவு கலந்த 2 மி.லி. திரவத்தைக் குழாயின் சுவர் வழியாக மெதுவாக ஓடவிட்டு எல்லையைக் கழுவி, அதையும் நீக்குங்கள். எஞ்சிய உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இதனோடு போய்விடும். இந்தப் படியில் குலுக்கவே கூடாது.

கீழடுக்கு மங்கலாக இருந்தால் அதில் நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கின்றன என்று பொருள். சில துளி மெத்தனால் விட்டால் தெளியும்.

7. உலர்த்துதலும் எடையும்: ஒரு மாதிரியின் முழுக் கணக்கு

கீழடுக்கின் கன அளவை அளவுகோடிட்ட கண்ணாடி உருளையில் அளந்து எழுதுங்கள். அதிலிருந்து 5 மி.லி.யை, ஏற்கெனவே எடை போட்ட சிறு கண்ணாடிப் புட்டியில் விட்டு, நைட்ரஜன் வாயுவை மெதுவாக ஊதி உலர்த்துங்கள். குளோரோஃபார்ம் 61 பாகையில் கொதிப்பது என்பதால் நீர்த்தொட்டி 40 பாகையைத் தாண்ட வேண்டாம்.

என் குறிப்பேட்டில் உள்ள ஒரு மாதிரியை அப்படியே தருகிறேன். தசை 1.02 கிராம். கீழடுக்கு 14.4 மி.லி. வெறும் புட்டி 12.4316 கிராம், உலர்ந்த பின் 12.4601 கிராம், வேறுபாடு 0.0285 கிராம். தசை இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்த வெற்றுச் சோதனையில் 0.0004 கிராம் இருந்தது. அதைக் கழித்தால் 0.0281. இது 5 மி.லி.யில் இருந்த கொழுப்பு. முழுக் கீழடுக்குக்கு 14.4-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 0.0809 கிராம். 1.02 கிராம் தசைக்கு இது 7.9 விழுக்காடு.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. எடுத்த கரைசல் 20 மி.லி.தானே என்று 20-ஆல் பெருக்கிவிட்டால் விடை 11 விழுக்காடாகும். கொழுப்பு 20 மி.லி.யில் பரவியிருக்கவில்லை, கீழடுக்கின் 14.4 மி.லி.யில் மட்டுமே இருக்கிறது. விடை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் நம் மாவட்டத்தின் காற்றில் இருக்கிறது. இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால் காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் சிலவே. குளோரோஃபார்ம் ஆவியாகும்போது புட்டி குளிர்ந்து, அதன் வெளிச்சுவரில் பனித்துளிபோல் நீர் படியும். அப்படியே எடை போட்டால் கொழுப்போடு தண்ணீரையும் எடைபோடுகிறீர்கள். புட்டியை நீர் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டரில் ஒரு மணி நேரம் வைத்து, எடை பார்த்து, மீண்டும் அரை மணி வைத்து எடை பாருங்கள். இரண்டு எடைகளுக்கும் 0.5 மில்லிகிராமுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. எடை இறங்கிக்கொண்டே போனால் இன்னும் உலரவில்லை. சில நாள் கழித்து ஏறத் தொடங்கினால் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்கிறது.

ஒரு நாளில் ஆறு மாதிரியும் ஒரு வெற்றுச் சோதனையும் ஒருவரால் நிதானமாகச் செய்ய முடியும். காலை 9 மணிக்கு எடை போடத் தொடங்கினால் மதியத்துக்குள் வடிகட்டி முடியும், பிற்பகல் அடுக்குப் பிரிப்பு, மாலைக்குள் உலர்த்தல். மின்சாரம் நின்றால் ஃபியூம் ஹூடும் நிற்கும். உடனே குழாய்களை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

8. கையும் கழிவும்

மெல்லிய நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். கையுறை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் நனைந்த கையுறையோடு வேலையைத் தொடராதீர்கள்; துளி பட்டால் உடனே கழற்றி, கையைக் கழுவி, புதியதைப் போடுங்கள்.

குளோரோஃபார்ம் கழிவுக்குத் தனிப் புட்டி வேண்டும். அதில் அசிட்டோனையோ சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். அவை சேர்ந்தால் வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கும். கண்ணாடிக் குழாயை அசிட்டோனில் அலசும் பழக்கம் உள்ள ஆய்வகங்களில் இந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. கழிவுப் புட்டியின் சீட்டில் என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு, எந்த நாளில் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். மேலடுக்கிலும் மெத்தனாலும் சிறிது குளோரோஃபார்மும் இருப்பதால் அதையும் தொட்டியில் ஊற்றாமல் இதே புட்டியில் சேர்க்க வேண்டும்.

எஞ்சிய கீழடுக்கைக் கொழுப்பமிலப் பகுப்பாய்வுக்கு வைக்க விரும்பினால், புட்டியின் மேல்வெளியில் நைட்ரஜனை நிரப்பி, டெஃப்லான் மூடியிட்டு, −20 பாகையில் இருட்டில் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். குளிர்ந்த புட்டியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, நீங்கள் நீக்கிய தண்ணீர் திரும்ப வந்து சேரும்.